லாபம் இருக்கிறது, பணம் எங்கே?

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர் ஒருவரின் மகன் என் வீட்டுக்கு வந்தான். நாக்பூரிலேயே பிறந்து வளர்ந்த பையன். ஹிங்னா தொழிற்பேட்டையில் இரும்புத் தகடும் ஆங்கிளும் வெட்டி, துளையிட்டு, வெல்டிங் செய்து, மின் துணைநிலையங்களுக்கான பிராக்கெட்டுகளும் சட்டங்களும் செய்து கொடுக்கிறான். பதினெட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் கும்பகோணத்துப் பக்கத்தில் அவன் அம்மாவின் பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரம்.

"மாமா, பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. வீட்டை அடமானம் வெக்கப் போறேன். அது முடியறதுக்கு ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் ஒரு எட்டு லட்சம் நீங்க கொடுத்தா நல்லா இருக்கும்" என்றான்.

நான் 2018இல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவன். டிப்ளமோ இன்ஜினியர். எட்டு லட்சம் என்பது எனக்குச் சின்னத் தொகையல்ல. இருந்தாலும் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "வியாபாரத்தில் நஷ்டமா?" என்று கேட்டேன். ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கைக் காட்டினான். செலவெல்லாம் போக வருட லாபம் 11 லட்சம். "அப்படியானால் பணம் எங்கேயப்பா?" என்றேன். "அதுதான் மாமா எனக்கும் புரியல. மாசக் கடைசியில சம்பளம் போடறதுக்குள்ள உயிர் போகுது" என்றான்.

எனக்குக் கணக்கியல் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியை வேறு உருவத்தில் முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்தது கேரேஜ் அண்டு வேகன் பிரிவில். நிலக்கரிச் சுரங்கத்தில் ஏற்றிய வேகன் மின்நிலையத்துக்குப் போய், அங்கே கவிழ்க்கப்பட்டு, காலியாகத் திரும்பி, மறுபடி ஏற்றப்படும் வரை ஆகும் காலத்தை 'டர்ன்ரவுண்ட்' என்போம். நாளொன்றுக்கு இரண்டு ரேக், அதாவது 116 வேகன் ஏற்ற வேண்டும், சுற்றுக்கு 5 நாள் ஆகிறது என்றால் நமக்கு 580 வேகன் வேண்டும். மின்நிலையத்தில் கவிழ்க்கும் இயந்திரம் பழுதாகிச் சுற்று 7 நாளானால் 812 வேகன் வேண்டும். 232 வேகன் கூடுதல். ஆனால் ஒரு டன் நிலக்கரிகூட அதிகமாகப் போகவில்லை! வேகன் தொலைந்துவிட்டதா? இல்லை. எல்லாம் வழியில் எங்கெங்கோ நின்றுகொண்டிருக்கின்றன.

பணமும் இப்படித்தான். இரும்பு வாங்கக் கையை விட்டுப் போகிற ரூபாய், பண்டமாகி, பில்லாகி, மறுபடி ரூபாயாகக் கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் கேள்வி. நிர்வாகப் படிப்பில் இதைக் 'கேஷ் டு கேஷ் சைக்கிள்' என்கிறார்கள். கணக்கு சுலபம். சரக்கு நம்மிடம் கிடக்கும் நாட்கள், அதனுடன் விற்ற பின் பணம் வரும் வரை காத்திருக்கும் நாட்கள், இரண்டையும் கூட்டி, நாம் சப்ளையருக்குக் கொடுக்காமல் தள்ளிப்போடும் நாட்களைக் கழிக்க வேண்டும். மிச்சமிருக்கும் நாட்களுக்கு நம் சொந்தப் பணமோ கடன் பணமோ நின்றாக வேண்டும்.

நம்மில் பலர் சனிக்கிழமை போய்ச் சாப்பிடும் மெஸ்ஸை நினைத்துப் பாருங்கள். இன்று அரைத்த மாவு நாளை இட்லியாகிக் காசாகிவிடுகிறது. மளிகைக் கடைக்குப் பணம் வாரக் கடைசியில்தான். ஒரு நாள் சரக்கு, பாக்கி பூஜ்யம், தவணை ஏழு நாள் என்றால் சுற்று கழித்தல் ஆறு! மளிகைக்காரர் பணத்திலேயே மெஸ் நடக்கிறது. நம் பையனுடையது அந்த ஜாதி வியாபாரம் அல்ல.

மறுநாளே பேலன்ஸ் ஷீட்டையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். வருட விற்பனை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 2 கோடியே 19 லட்சம். நாளொன்றுக்கு 60,000 ரூபாய். அந்தப் பொருளைச் செய்ய இரும்பு, கூலி, மின்சாரம், முலாம் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 50,000. இதில் வெளியே வாங்கும் பொருளும் வேலையும் மட்டும் 35,000. இந்த மூன்று எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டோம்.

ஷெட்டில் கிடந்த சரக்கின் மதிப்பு 32 லட்சத்து 50 ஆயிரம். சரக்கைச் செலவு விலையில்தான் மதிப்பிடுகிறோம். ஆகவே 50,000ஆல் வகுத்தால் 65 நாள். வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி 67 லட்சத்து 26 ஆயிரம். இதை அவன் 60,000ஆல் வகுத்து 112 நாள் என்றான். அங்கே ஒரு தப்பு இருந்தது. பாக்கியில் 18 சதவீத ஜி.எஸ்.டி. கலந்திருக்கிறது, விற்பனையில் அது இல்லை. வரியை எடுத்துவிட்டால் 57 லட்சம். அப்போது 95 நாள். பழைய மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் ஒரு தடவை வரியோடும் ஒரு தடவை வரியில்லாமலும் வகுத்தால் நோய் குணமானதாகவோ முற்றியதாகவோ வீணாக நினைத்துக்கொள்வார்கள். கொடுக்க வேண்டிய பாக்கி, வரி நீங்கலாக, 7 லட்சம். இதை 35,000ஆல் வகுத்தேன். கூலியும் கரண்ட் பில்லும் நமக்காகக் காத்திருப்பதில்லை. காத்திருப்பவர் பொருள் கொடுப்பவர் மட்டுமே. அது 20 நாள்.

65உம் 95உம் சேர்ந்து 160. அதில் 20 போனால் 140 நாள். இன்று இரும்பு வியாபாரியிடம் போகிற ரூபாய் ஏறக்குறைய நாலரை மாதம் கழித்து வீடு திரும்புகிறது.

ரூபாயில் பார்த்தால் சரக்கில் 32½ லட்சம், பாக்கியில் 57 லட்சம், கழிவு 7 லட்சம். 82½ லட்சம் வழியில் நிற்கிறது. அதோடு வரி. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவன் இந்த மாதம் போட்ட பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா என்று அரசாங்கம் கேட்பதில்லை. வாடிக்கையாளர்களிடம் சிக்கிய வரி மட்டும் 10 லட்சத்துக்கு மேல். இவன் சப்ளையருக்கும் அரசுக்கும் கொடுக்காமல் கையில் வைத்திருக்கும் வரி மூன்று லட்சம்கூட இல்லை. ஏழு லட்சத்துக்கு மேல் இவன் முன்பணமாகக் கட்டியிருக்கிறான். ஆக மொத்தம் 90 லட்சம்.

இந்த 90 லட்சம் எங்கிருந்து வந்தது? பாங்கின் கேஷ் கிரெடிட் 43 லட்சம். அப்பா கொடுத்த முதலும் இத்தனை வருடம் வீட்டுக்கு எடுக்காமல் விட்ட லாபமும் 37 லட்சம். மிச்சம் 10 லட்சம் வெளியில் மாதம் இரண்டு வட்டிக்கு. இதை அவன் வீட்டில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. எனக்கும் அன்றுதான் சொன்னான்.

பாங்க் ஏன் 43 லட்சத்தோடு நிறுத்திக்கொண்டது என்று அவனுக்குக் கோபம். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சிறுதொழில் கடனை ஆராய ரிசர்வ் பாங்க் 1991இல் நியமித்த நாயக் குழு ஓர் எளிய வழி சொன்னது. எதிர்பார்க்கும் வருட விற்பனையில் நான்கில் ஒரு பங்கு நடைமுறை மூலதனம். அதில் விற்பனையின் 20 சதவீதத்தைப் பாங்க் தரும், 5 சதவீதத்தைத் தொழில் நடத்துபவர் போட வேண்டும். நான்கில் ஒரு பங்கு என்றால் மூன்று மாத விற்பனை. அதாவது சுற்று 90 நாளில் முடியும் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இவனுக்கு அந்தக் கணக்குப்படி 54¾ லட்சம் போதும். இவனுடைய சுற்று 140 நாள். 54¾க்கும் 90க்கும் உள்ள பள்ளத்தை யார் நிரப்புவது?

இன்னொரு அடியும் உண்டு. மாதாமாதம் பாங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கொடுக்கிறான் அல்லவா, அதில் 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியை அவனுடைய பாங்க் ஈடாகவே கணக்கில் எடுப்பதில்லை. வாடிக்கையாளர் தாமதித்தால் அவர் பணமும் வராது, பாங்கில் எடுக்கக்கூடிய தொகையும் குறையும். சில மாதங்களில் 43 லட்சம் லிமிட் இருந்தும் 36க்கு மேல் எடுக்க முடியவில்லை. இரண்டு வட்டிக்காரர் வந்தது அப்படித்தான். கேஷ் கிரெடிட் கணக்கு வருடம் முழுக்க உச்சியைத் தொட்டுக்கொண்டே இருந்தால், லாபம் எவ்வளவு காட்டினாலும் சுற்று நீண்டுவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இப்போது அந்தப் 'பெரிய ஆர்டர்'. விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூடும். நாளுக்கு 20,000. பையன் வருடத்தில் வரப்போகும் 12 லட்சம் உபரியைத்தான் பார்த்தான். சுற்று இதே 140 நாளாக இருந்தால், 90 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது இன்னும் 30 லட்சம் வழியில் போய் நிற்கும். அதுவும் முதல் நாலரை மாதத்திலேயே. உபரியோ சொட்டுச் சொட்டாக வருடம் முழுக்க வரும். கும்பகோணத்து வீடு அந்த 30 லட்சத்துக்காகத்தான் பிளாஸ்டிக் உறைக்குள் வந்திருந்தது. வியாபாரம் சுருங்கித்தான் மூடும் என்பதில்லை. வளர்கிற வேகத்தில் பணம் வற்றி மூடியவற்றையும் இந்த ஊரில் பார்த்திருக்கிறேன்.

"95 நாள்னா நான் என்ன மாமா பண்றது? பெரிய கம்பெனிக்காரங்க, அவங்க கொடுக்கறப்போதான் கொடுப்பாங்க" என்றான். ரயில்வேயில் எங்களுக்கு ஒரு பழக்கம். ரேக் தாமதமானால் 'தாமதம்' என்று மொத்தமாக எழுத விடமாட்டார்கள். எந்த ஸ்டேஷனில், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று தனித்தனியாக எழுத வேண்டும். அதேபோல் கடைசி இருபது பில்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதிகளை வரிசையாக எழுதச் சொன்னேன். சரக்கு கேட்டை விட்டுப் போன தேதி, வாடிக்கையாளர் பரிசோதித்து ரசீது போட்ட தேதி, அந்த ரசீதோடு பில்லை அவர்களுடைய கணக்குப் பிரிவில் சேர்த்த தேதி, பணம் வந்த தேதி. எழுதி முடிக்க அவனுக்கு நான்கு நாள் ஆயிற்று. பாதித் தேதிகள் இவனிடம் இல்லவே இல்லை!

சராசரியில் கண்டது இது. சரக்கு போய்ச் சேர்ந்து ரசீது ஆக 12 நாள். காரணம், இரும்பின் பரிசோதனைச் சான்றிதழும் முலாம் கனத்தின் சான்றிதழும் லாரியோடு போகாமல் பின்னால் போயின. அவை வரும் வரை சரக்கு அவர்கள் முற்றத்தில் கிடந்தது. ரசீது வந்த பின் பில்லைச் சேர்க்க 14 நாள். இவனுடைய கணக்கர் மாதத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கும் வழக்கம். அதன்பின் ஒப்பந்தத் தவணை 45 நாள். தவணை முடிந்தும் பணம் பட்டுவாடா செய்யும் நாளுக்காக 9 நாள். அந்தக் கம்பெனிகள் மாதத்தில் இரண்டு தேதிகளில் மட்டுமே பணம் அனுப்புகின்றன. மிச்சம் 15 நாள் தகராறு: ஆர்டர் நம்பர் தப்பு, விலை ஐந்து பைசா வித்தியாசம், இரண்டு பிராக்கெட் குறைவு. இரண்டு பிராக்கெட்டுக்காக முழுப் பில்லும் நிறுத்தப்பட்டிருந்தது.

95இல் வாடிக்கையாளரின் உரிமையான தவணை 45தான். 12, 14, 15 மூன்றும் சேர்ந்த 41 நாளில் பெரும்பகுதி இவனுடைய கேட்டுக்கு உள்ளேயே பிறந்தது. பையன் நோட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

சரக்கு விஷயத்தில் எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. 32½ லட்சத்தில் இரும்பு மட்டும் 16 லட்சம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து ரொக்கத்துக்கு வாங்கினால் வியாபாரி 2 சதவீதம் தள்ளுபடி தருகிறார். "முட்டாள்தனம்" என்று சொல்ல வாயெடுத்தேன்; கணக்குப் போட்டுப் பார்த்தபின் அடக்கிக்கொண்டேன். மாதாமாதம் வாங்குவதைவிடச் சராசரியாக 30 நாள் அதிகம் இரும்பு தங்குகிறது. 20 நாள் தவணையும் போகிறது. ஆக 50 நாள். பாங்க் வட்டி 11 சதவீதத்தில் 50 நாளுக்கு ஒன்றரை சதவீதம், தள்ளுபடி இரண்டு. லாபம்தான்! ஆனால் இவனுடைய பாங்க் லிமிட் தீர்ந்துவிட்டதே. கடைசியாக வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் இரண்டு வட்டிக்காரர் பணம். அதில் 50 நாளுக்கு மூன்றேகால் சதவீதம். இரண்டு சம்பாதிக்க மூன்றேகால் செலவு. லிமிட்டில் இடம் இருக்கும்போது சரியான அதே கொள்முதல், இல்லாதபோது தவறாகிவிடுகிறது.

அரைகுறை வேலையாகக் கிடந்தது 10½ லட்சம். முலாம் பூசுபவர் லாரி நிறைந்தால்தான் எடுத்துப்போவார் என்று, வெல்டிங் முடிந்த சட்டங்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மழைக்காலமாதலால் துரு வேறு. துருவை எடுக்க மறுபடி கூலி. சிறு வண்டியில் வாரம் இருமுறை அனுப்பச் சொன்னேன். வண்டி வாடகை கூடியது, உண்மைதான். மிச்சம் 6 லட்சம் முடிந்த சரக்கு, பரிசோதகர் வருகைக்காகக் காத்திருந்தது. அவரை அழைக்கும் கடிதத்தைச் சரக்கு முடிந்த பிறகு போடாமல், முடியப்போகும் தேதியை வைத்து முன்னதாகவே போடலாம்.

கொடுக்க வேண்டிய பக்கத்தில் நான் கை வைக்கவில்லை. சப்ளையரை 60 நாள் இழுத்தடித்தால் சுற்று 40 நாள் குறைந்ததாக நோட்டு காட்டும். ஆனால் முலாம் பூசுபவர் இவனைவிடச் சிறியவர். ஆறு பேர் வைத்து நடத்துகிறார். அவரை இழுத்தால் அவர் இவன் வேலையைக் கடைசியில் எடுப்பார், அரைகுறைச் சரக்கு இன்னும் ஒரு வாரம் சுவரோரம் நிற்கும். இரும்பு வியாபாரியோ வட்டியை விலையில் ஏற்றிவிடுவார்.

சட்டம் ஒன்று இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்கலாம். 2006ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் பாங்கின் பாங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் போய்ச் சேர்ந்த தேதியே ஏற்றுக்கொண்ட தேதி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு பிடியும் போட்டது. கெடு தாண்டிய பாக்கியை உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம். இதனால் மார்ச் மாதத்தில் கொஞ்சம் பணம் அசைகிறது. மின்நிலையம் வேகனை நிறுத்தி வைத்தால் ரயில்வே கூசாமல் டெமரேஜ் வசூலிக்கும். பதினெட்டுப் பேர் கம்பெனி வட்டி பில் அனுப்பினால் அடுத்த ஆர்டர் வருமா? அந்தப் பயம் நியாயமானதுதான். ஆகவே வட்டி கேட்காமல், உத்யம் பதிவு எண்ணையும் கெடு தேதியையும் ஒவ்வொரு பில்லிலும் தடித்த எழுத்தில் அச்சடிக்க வைத்தோம். 'ட்ரெட்ஸ்' என்ற மேடையில் பில்லை விற்று முன்னதாகப் பணம் பெறும் வழியும் இருக்கிறது. 250 கோடிக்கு மேல் விற்பனையுள்ள கம்பெனிகள் அதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆணை வந்தது. ஆனால் வாடிக்கையாளர் பில்லை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அங்கே விற்க முடியும். பில் கணக்கர் மேஜையில் 14 நாள் தூங்குவதை எந்த மேடையும் எழுப்பாது.

2025 மார்ச்சில் நோட்டை மறுபடி பார்த்தோம். சான்றிதழ்கள் இப்போது லாரி ஓட்டுநர் கையில் போகின்றன. ரசீதுக்கு 4 நாள். பில் சேர்க்க 3 நாள். தகராறு 6 நாள். குறைந்த உருப்படிக்கு அன்றே கிரெடிட் நோட் கொடுத்து மிச்சப் பில்லை விடுவித்துக்கொள்கிறான். பட்டுவாடா தேதியை மனதில் வைத்துப் பில் சேர்ப்பதால் 9 நாள் 5 ஆயிற்று. தவணை 45 அப்படியே. மொத்தம் 63. சரக்கு 45 நாள். சப்ளையர் அதே 20. பழைய வியாபாரத்தின் சுற்று 88 நாள்.

32 நாள் பாக்கி குறைந்ததில் வரியோடு சேர்த்து 22½ லட்சத்துக்கு மேல், சரக்கில் 10 லட்சம். ஏறக்குறைய 32½ லட்சம் வழியிலிருந்து திரும்பி வந்தது. அதில் முதல் பத்து இரண்டு வட்டிக்காரருக்குப் போயிற்று. பெரிய ஆர்டரை அக்டோபரில் பாதியும் ஜனவரியில் முழுவதுமாக எடுத்தான். சுற்று 88 நாளானதால் அதற்கு 30க்குப் பதில் 19 லட்சம் போதுமாயிற்று. நான் எட்டு லட்சம் கொடுக்கவில்லை. செப்டம்பரில் சம்பளத்துக்காக ஒன்றரை லட்சம் கொடுத்தேன்; தீபாவளிக்கு முன் திரும்பி வந்தது. பத்திரம் அவன் அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

ஒரே ஒரு கம்பெனி மட்டும் இன்னும் 104 நாளில் நிற்கிறது. தேதிகளை எழுதி, கெடுவைக் குறித்து, பதிவுத் தபாலில் கடிதம் போட்டான். கணக்குப் பிரிவில் ஆள் மாறிவிட்டார், ஆவணங்களை மறுபடி அனுப்பவும் என்று பதில் வந்தது. அனுப்பியிருக்கிறான், அவர்களுடைய அடுத்த ஆர்டரை மட்டும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.